‘அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?’

தருமபுரி மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கு ஓசூரிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் சேலத்திலிருந்தும் கம்பெனிகள் வருகின்றன. ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் வரிசை நிற்கும். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். பெயர், ஊர், படிப்பு, அரியர் உண்டா, ரூம் எடுத்துத் தங்குவீர்களா என்று கேட்டு முடித்ததும், பல மேசைகளில் அந்தக் கேள்வி வந்து விழும்: “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கிறீங்க?”

பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ காலை பஸ் பிடித்து வந்த இருபத்தோரு வயதுப் பட்டதாரிக்கு அடுத்த ஆடி எங்கே என்பதே நிச்சயமில்லை. குரூப் 4 எழுதியிருப்பார். பெங்களூருவில் இருக்கும் மாமா ஒரு இடம் பார்த்துவைத்திருப்பதாகச் சொல்லியிருப்பார். வீட்டில் ஒன்றரை ஏக்கர் நிலமும் கடனும் இருக்கும். பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். இத்தனையும் மனதில் ஓட, வாயில் வருவது பெரும்பாலும் யூடியூபில் மனப்பாடம் செய்த ஒரு வரி: “உங்கள் நிறுவனத்தில் ஒரு பொறுப்பான பதவியில் இருப்பேன்.” மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அன்று காலையிலிருந்து அதே வரியை எத்தனை முறை கேட்டிருப்பார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

ஐந்து வருடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாமல் இருப்பது ஒரு குறையே இல்லை. ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2013 ஜனவரியில் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதிலிருந்து அறுபத்தெட்டு வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம், கடந்த பத்து ஆண்டில் தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம், அடுத்த பத்து ஆண்டில் எவ்வளவு மாறுவோம் என்பதை ஒட்டிக் கேட்டார்கள். எல்லா வயதினரும் கடந்த காலத்தில் நிறைய மாறிவிட்டதாகவும், இனி அவ்வளவாக மாறப்போவதில்லை என்றுமே எண்ணினார்கள். ஆக, இந்தக் கேள்விக்கு உறுதியான குரலில் பதில் சொல்பவரும் பெரும்பாலும் ஊகத்தையே சொல்கிறார். இன்னொன்றும் உண்டு. 1951 முதல் ஐந்தாண்டுத் திட்டம் போட்டுவந்த இந்திய அரசே, 2017-இல் பன்னிரண்டாவது திட்டத்தோடு அந்தப் பழக்கத்தை நிறுத்திக்கொண்டது. பாலக்கோட்டு இளைஞர் மட்டும் ஏன் திட்டத்தோடு வர வேண்டும்?

ஆனால் கேள்வி கேட்பவருக்கு ஆரூடம் தேவையில்லை. அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. முதலாவது பணக் கணக்கு. ஒரு டிரெய்னியைச் சேர்த்து, சீருடை கொடுத்து, ஒரு சீனியரின் நேரத்தைச் செலவழித்துப் பழக்கி, அவர் தனியாக வேலை பார்க்கும் நிலைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை கம்பெனிக்குச் செலவு. அதன் பிறகுதான் வரவு. செலவு திரும்புவதற்கு முன்பே இவர் கிளம்பிவிடுவாரா என்பதே அவருடைய கவலை. இரண்டாவது, இந்த வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்று இவருக்குத் தெரியுமா என்பது. குவாலிட்டி பிரிவில் சேர வந்தவர் “ஐந்து வருடத்தில் சாஃப்ட்வேர்” என்றால், ஆறாவது மாதமே சலித்துப்போவார் என்று அவர் கணிப்பார். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், ஐந்தாவது வருடத்தில் அவர் எங்கே இருப்பார் என்பது யாருக்கும் பெரிய விஷயமில்லை.

எனவே பதிலில் இடத்தையும் பதவியையும் சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டியது வேலையை. முதல் ஒன்றரை வருடத்தில் எதைக் கற்பார், மூன்றாவது வருடத்தில் எதைத் தனியாகச் செய்வார் என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். அதற்கு மேல் எது திறந்திருக்கிறது என்பதை, திறந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

ஒரு பதிலைக் கட்டுவது

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பாலக்கோடு பக்கத்து இளைஞர் ஒருவர், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி டிரெய்னி வேலைக்கு நேர்காணல். ராயக்கோட்டை வழியாகப் போகலாம், ரயிலும் உண்டு. ஆனாலும் ஷிஃப்ட் வேலை என்றால் ஓசூரிலேயே ரூம் எடுக்க வேண்டியிருக்கும். அவர் மனதில் நான்கு எதிர்காலங்கள் இருக்கின்றன. ஒன்று, குரூப் 4 கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ போவது. இரண்டு, பெங்களூரு பீன்யாவில் ஒரு சி.என்.சி. பட்டறையில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் போவது. மூன்று, பி.இ. படிப்பது. நான்கு, அப்பாவுக்கு முடியாமல்போனால் தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்புவது.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம் எழுத வேண்டும். அது நடப்பதாக இருந்தால் எப்போது நடக்கும்? அது நடந்தாலும் இந்த வேலையில் கற்றது உதவுமா?

முதல் கேள்வியே பல பயங்களைத் தெளிய வைக்கும். குரூப் 4-ஐ எடுத்துக்கொண்டால், 2024-க்கான அறிவிக்கை ஜனவரி 30-இல் வந்தது. தேர்வு ஜூன் 9. முடிவு அக்டோபர் இறுதியில். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பணி ஆணை. கிட்டத்தட்ட ஒரு வருடம் அதிலேயே போய்விடும். அந்த அறிவிக்கையில் முதலில் சொல்லப்பட்ட காலியிடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். முதல் முயற்சியிலேயே கிடைக்கும் என்று அந்த இளைஞரே நம்பவில்லை என்றால், ஒன்றரை வருடம், இரண்டு வருடம் இந்த வேலையில் இருப்பேன் என்று அவர் சொல்வது பொய்யாகாது. பி.இ. என்றால், டிப்ளமோ முடித்தவருக்கு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் வழி உண்டு. ஆனால் அதற்கு வேலையை விட வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது என்றால் ஷிஃப்ட் நேரம் தெரிந்தாக வேண்டும். தக்காளித் தோட்டம் எப்போது கூப்பிடும் என்று யாருக்கும் தெரியாது. அதை நேர்காணல் மேசைக்கு எடுத்துப்போக வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை தேடும்போது, பதிலின் நடுப்பகுதி தானாகக் கிடைக்கும். பீன்யாவுக்குப் போனாலும், பி.இ. படித்தாலும், ஓசூரிலேயே இருந்தாலும், டிராயிங் படிக்கத் தெரிவதும் அளவெடுக்கத் தெரிவதும் கூடவே வரும். நான்கில் இரண்டு பாதைகளுக்கும், ஓசூரிலேயே தங்கிவிடுவதற்கும் பொதுவானது அதுதான். அந்தப் பொது இடத்தில் நின்று பேசினால் குரல் தடுமாறாது, ஏனென்றால் அவர் சொல்வது உண்மை.

இதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் பலர் செய்வதில்லை. அந்தக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தவர் அடுத்து என்ன ஆகிறார் என்று விசாரிப்பது. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் சீனியரான ஒரு அண்ணன் ஓசூரில் இல்லாமல் இருக்க மாட்டார். அவரிடம் மூன்று விவரம் கேட்டால் போதும். டிரெய்னிக் காலம் எத்தனை மாதம்? முடிந்ததும் என்ன பெயரில் வேலை, பெர்மனென்டா கான்ட்ராக்டா? அவரோடு சேர்ந்தவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் முக்கியம். பத்துப் பேர் சேர்ந்து இரண்டு பேர்தான் மிச்சம் என்றால், கம்பெனியே ஐந்து வருடத்தை எதிர்பார்க்கவில்லை. அங்கே இந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயம். சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும். எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்றால், அங்கே ஏறுவதற்குப் படி இருக்கிறது என்று பொருள். அந்தப் படிகளின் பெயரைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு அந்த இளைஞரின் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், முதல் ஒண்ணரை வருஷத்துல, லைன்ல வர்ற பார்ட்டை டிராயிங் பார்த்து நானே செக் பண்ணி, ஓகேவா ரிஜெக்டான்னு சொல்ற அளவுக்கு வரணும். வெர்னியர், மைக்ரோமீட்டர் நல்லா வரும். சி.எம்.எம். பாலிடெக்னிக்ல பார்த்ததோட சரி, கை வச்சதில்ல. அதை இங்க கத்துக்கணும். மூணாவது வருஷத்துல ஒரு லைனோட குவாலிட்டியை நான் தனியா பார்த்துக்கிற மாதிரி இருந்தா சந்தோஷம். அதுக்கு மேல குவாலிட்டியிலயே போறதா, புரொடக்ஷன் பக்கம் வர்றதான்னு இப்போ எனக்குத் தெரியல சார். ரெண்டையும் கிட்ட இருந்து பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். இங்க டிரெய்னியா வந்தவங்க வழக்கமா எந்தப் பக்கம் போறாங்க?”

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இதில் “தெரியல” என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது மூன்று வருடத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு வருகிறது. அதே சொல் முதல் வாக்கியத்தில் வந்திருந்தால் கேட்பவர் பேனாவைக் கீழே வைத்திருப்பார். தெரியாததும் இரண்டு வழிக்குள் அடங்குகிறது, அந்த இரண்டும் அதே தொழிற்சாலைக்குள் இருக்கின்றன. சி.எம்.எம். என்ற முப்பரிமாண அளவுக் கருவியில் கை வைத்ததில்லை என்று ஒப்புக்கொள்வது பலவீனம் போலத் தோன்றலாம். குவாலிட்டித் துறைக்காரர் ஒருவர் மேசையில் இருந்தால் அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார், ஏனென்றால் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரிக்கத் தெரிந்தவரைத்தான் அளவெடுக்கும் இடத்தில் உட்கார வைக்க முடியும். கடைசியில் உள்ள கேள்வி மரியாதைக்காகக் கேட்பது இல்லை. அதற்கு வரும் பதிலிலிருந்து அந்தக் கம்பெனியில் படி இருக்கிறதா என்பது இளைஞருக்கும் தெரிந்துவிடும். “அதெல்லாம் பெர்ஃபாமன்ஸைப் பொறுத்து” என்று மட்டும் பதில் வந்தால், சீனியர் அண்ணன் சொன்னதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பி.இ. ஆசையை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். சில தொழிற்சாலைகள் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை விரும்பும். சில இடங்களில் “படிக்கப் போயிடுவான்” என்று கேட்கும். எந்த வகை என்று முன்கூட்டித் தெரிந்தால் சொல்லலாம்; தெரியாவிட்டால் அவர்களே கேட்கும்வரை பொறுப்பது உத்தமம்.

பதில் எடுபடாத இடங்கள்

மிகப் பழைய தவறு “உங்க சீட்டுல உட்கார்ந்திருப்பேன் சார்” என்பது. சினிமாவில் கைதட்டல் வாங்கும். மேசையில் இருப்பவர் அந்தச் சீட்டுக்கு வரப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஐந்து வருடத்தில் அதைப் பிடிப்பேன் என்பவருக்கு இந்த வேலையின் படிகள் தெரியவில்லை என்றுதான் அவர் முடிவு கட்டுவார். ‘டீம் லீடர்’, ‘மேனேஜர்’ என்று பதவிப் பெயர் சொல்வதிலும் இதே சிக்கல்தான். அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு பதவியே இல்லாமல் இருக்கலாம்.

இன்னொரு தவறு எல்லா உண்மையையும் கொட்டிவிடுவது. “வீட்டுல சொல்றபடிதான் சார்” என்று நேர்மையாகச் சொன்ன ஒருவர் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. குடும்பம் முடிவு செய்வது நம் ஊரில் இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குடும்பம் முடிவு செய்யாத ஒரு பகுதி எப்போதும் மிச்சம் இருக்கும். வேலைக்குள் எதைக் கற்பது என்பதை அப்பாவோ மாமாவோ தீர்மானிப்பதில்லை. பேச வேண்டியது அதைத்தான்.

பதில் எடுபட்டதா என்பதை அடுத்த கேள்வி காட்டிக்கொடுக்கும். “சி.எம்.எம். ஏன் கத்துக்கணும்னு நினைக்கிறீங்க?” என்று வேலையைப் பற்றித் தொடர்ந்தால், பேச்சு சரியான இடத்தில் நிற்கிறது. “அப்போ நிச்சயமா இருப்பீங்கதானே?” என்று அதே கேள்வி திரும்பி வந்தால், முதல் கவலை தீரவில்லை. அப்போது முதல் ஒன்றரை வருடத்தைத்தான் மறுபடி சொல்ல வேண்டும், வேறு சொற்களில். ஐந்து வருடத்துக்கு அங்கே சத்தியம் செய்யத் தேவையில்லை.

‘கவர்மென்ட் எக்ஸாம் எழுதுறீங்களா?’

தருமபுரிப் பக்கத்து விண்ணப்பதாரர்களுக்கு அதிகம் நெருடுவது இந்தத் துணைக் கேள்விதான். வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசப் பயிற்சிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் இடைவெளி இருந்தால், அதைப் பார்த்ததுமே கேட்பவர் ஊகித்துவிடுவார். “இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மாதமே தேர்வுக்கு லீவு கேட்டு நிற்கும் நிலை நல்லதில்லை.

கேட்காத வரை சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மறைக்கக் கூடாது. சொல்லும் விதத்தில் ஒரு வரிசை இருந்தால் போதும்: “குரூப் 4 எழுதியிருக்கேன் சார். எங்க பக்கம் எழுதாதவங்க குறைவு. அதையே நம்பி உட்கார்ந்திருந்தா இன்னைக்கு இங்க வந்திருக்க மாட்டேன். ஒருவேளை கிடைச்சா வீட்டுல போகத்தான் சொல்வாங்க, அதை மறைக்க விரும்பல. அப்படிப் போறதா இருந்தா, நோட்டீஸ் பீரியடு முழுசா இருந்து, வேலையை அடுத்தவங்ககிட்ட ஒப்படைச்சுட்டுத்தான் போவேன்.”

இந்தப் பதிலைக் கேட்டு நிராகரிக்கும் மேசைகளும் உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம். வெல்டிங் ரோபோ போன்ற ஒன்றில் மாதக்கணக்கில் பழக்கித்தான் ஆளை நிறுத்த முடியும் என்றால், அவர்கள் உறுதியான ஆளைத் தேடுவார்கள். பேக்கிங், அசெம்பிளி போன்ற சீக்கிரம் பழகும் வேலைகளில் இதே பதில் யாரையும் உறுத்தாது. எந்தப் பதிலும் எல்லா இடத்திலும் செல்லாது. பயிற்சிக்காலம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரத்துக்கு இருப்பேன் என்று சொல்ல முடிந்தால்தான் அந்த வேலைக்குப் போவது சரி.

அப்ரன்டிஸ் பயிற்சிக்கான நேர்காணல் தனி. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி அது குறிப்பிட்ட காலத்துக்கான பயிற்சி ஒப்பந்தம். பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் தானாக வந்துவிடாது. அது அந்தந்த நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. அங்கே ஐந்து வருடக் கேள்வி வந்தால், பயிற்சிக் காலத்தைப் பற்றியும், முடித்த பிறகு அங்கேயே எடுப்பார்களா என்பதைப் பற்றியும் பேசுவதே பொருத்தம். ஐந்து வருட விசுவாசத்தை அப்ரன்டிஸிடம் எதிர்பார்க்கும் கம்பெனி, தன் பக்கத்திலிருந்து என்ன தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெண்களிடம் கேட்கும்போது

பெண்களிடம் இதே கேள்வி வேறொரு கேள்வியின் முகமூடியாக வரும். கல்யாணம் எப்போது, கல்யாணமானால் வேலைக்கு வருவீர்களா என்பதை நேராகக் கேட்கத் தயங்குகிறவர்கள் ஐந்து வருடத்தைக் கேட்பார்கள். சிலர் தயங்குவதும் இல்லை.

தமிழ்நாட்டிலேயே இது பெரிய செய்தியாக வெடித்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஐஃபோன் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை அசெம்பிளி வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறையிடம் விரிவான அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டுவதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடுத்தது; அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தடுக்கிறது. ஆனால் திருமணமானவர் என்பதற்காக ஒதுக்குவதைப் பெயர் சொல்லித் தடுக்கும் விதி அவற்றில் இல்லை. சட்டம் துணைக்கு வரும் என்று மட்டும் நம்பி மேசை முன் உட்கார முடியாது.

கல்யாணம் பற்றிய முடிவு கையில் இல்லாத பெண்ணுக்கும் மேலே சொன்ன முறைதான் உதவும். வேலைக்குள் கற்கப்போவதைச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்வது. நேரடியாகக் கேட்டால், “வேலைக்கு வர்றதைப் பத்தி வீட்டுல பேசிட்டுத்தான் மேடம் வந்திருக்கேன். ஷிஃப்டும் ஹாஸ்டலும் எப்படின்னு சொன்னீங்கன்னா, அதுக்கு ஏத்த மாதிரி சொல்றேன்” என்று வேலை நிலைமைக்குப் பேச்சைத் திருப்பலாம். வீட்டில் உண்மையிலேயே பேசியிருந்தால் மட்டுமே இதைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் எவ்வளவு காலம் வேலையில் நீடிப்பார் என்பதை இரவு ஷிஃப்ட், தங்குமிடம், ஊருக்குப் போக வண்டி ஆகிய மூன்றும் பெருமளவு தீர்மானிக்கின்றன. அந்த மூன்றையும் நேர்காணலிலேயே கேட்கும் பெண், நீடிக்கப் போகிறவர் என்றே ஒரு நல்ல ஹெச்.ஆர். எடுத்துக்கொள்வார். கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை என்று வாக்குக் கொடுப்பது தேவையும் இல்லை, கேட்க அவர்களுக்கு உரிமையும் இல்லை.

சொன்னதும் எழுதிக் கொடுத்ததும்

நேர்காணலில் சொல்லும் பதில் ஓர் எண்ணம். அதற்காக யாரும் வழக்குப் போட முடியாது. அதே ஐந்து வருடமோ மூன்று வருடமோ ஆஃபர் லெட்டரோடு பாண்டாக வந்தால் கதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “இன்டர்வியூல சொன்னேன், அதனால கையெழுத்துப் போட்டேன்” என்று சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பழைய நம்பிக்கை. விஜயா வங்கியில் சேர்ந்த ஓர் அதிகாரி, மூன்று வருடம் பணியாற்றாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் தருவேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று வருடம் முடியும் முன்பே வேறொரு வங்கிக்குப் போனார். பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வைப்பது, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கும் தொழில் கட்டுப்பாடு ஆகாது என்றது. பொதுத் துறை வங்கி அறிவிப்பு வெளியிட்டு, போட்டி வைத்து ஆளெடுப்பதற்கு ஆகும் செலவையும் கணக்கில் எடுத்து, அந்தத் தொகை நியாயம் என்று கருதியது.

இதைப் படித்துவிட்டு எல்லா பாண்டும் செல்லும் என்று முடிவுகட்டவும் கூடாது. அங்கே இருந்தவர் மூத்த மேலாளர் பதவியில் இருந்தவர். ஆளெடுத்தது பொதுத் துறை வங்கி. பயிற்சி என்ற பெயரில் எதுவும் தராமல், மாதச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு தொகையை ஒரு டிரெய்னியிடம் எழுதி வாங்கினால், அது நியாயமான இழப்பீடுதானா என்ற கேள்வி எழும். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்ப வக்கீலும் காலமும் பணமும் வேண்டும். கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுவது மலிவு.

பார்க்க வேண்டியவை சில. பாண்டு காலம் சேரும் நாளிலிருந்து தொடங்குகிறதா, டிரெய்னிக் காலம் முடிந்த பிறகா? தொகை நிலையானதா, அல்லது மாதம் போகப்போகக் குறைகிறதா? கம்பெனியே வேலையை விட்டு அனுப்பினாலும் கட்ட வேண்டுமா? அரசு வேலை கிடைத்தால் விலக்கு உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. குரூப் 4 பற்றி நேர்காணலிலேயே சொல்லிவிட்டவருக்கு இதைக் கேட்பது எளிது. ஒத்துக்கொண்டால் எழுத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். “பார்த்துக்கலாம் தம்பி” என்ற வாய்ச்சொல், ஹெச்.ஆர். மாறியதும் மாறிவிடும். அசல் மதிப்பெண் பட்டியலை ‘சரிபார்க்க’ என்று வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. அசலைக் காட்டலாம், நகலில் சுய சான்றொப்பம் போட்டுக் கொடுக்கலாம். அசலை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. விட்டுவிட்டு வந்தால், அடுத்த வருடம் பி.இ. சேர்க்கைக்கோ குரூப் 4 சான்றிதழ் சரிபார்ப்புக்கோ அதைத் திரும்ப வாங்க அதே ஹெச்.ஆர். மேசை முன்தான் நிற்க வேண்டிவரும்.